கிணற்றுக்குள் கண்கள்

கோடையில் கம்பம் பள்ளத்தாக்கின் கிணறுகள் வற்றும்போது அவற்றின் உள்சுவர்கள் வெளியே வரும். மழைக்காலம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்த கல், பாசி காய்ந்து, சாம்பல் பூத்து, மெல்ல முகம் காட்டும். இன்றைக்கும் வற்றிய கிணற்றை நான் குனிந்து பார்ப்பதில்லை. விளிம்பில் நின்று எட்ட இருந்தே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பயம் என்று சொல்ல மாட்டேன். பார்த்தால் பார்க்கப்படுவோம் என்கிற கூச்சம்.

அப்போது நான் நிலவியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. தொண்ணூறுகள் முடிந்துகொண்டிருந்த காலம். எனக்கு ஒரு வருஷம் மூத்தவளாக அவள் இருந்தாள். உத்தமபாளையத்துப் பெண். அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அனுமந்தன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். நான் தேனிக்காரி என்பதால் லேபில் எங்கள் இருவருக்கும் தனிப் பாஷை இருந்தது. மற்றவர்கள் "வந்தாங்க" என்றால் நாங்கள் "வந்தாக" என்போம், சிரிப்பார்கள், நாங்கள் இன்னும் அழுத்திச் சொல்வோம். என் ஆய்வு வேறு, ஆற்று மணல். எண்ணி எண்ணி அலுத்துப்போய் அவளோடு மலைக்குக் கிளம்பிவிடுவேன். ஓரிடத்தில் உட்கார முடியாத காலும், கண்டதையெல்லாம் நோட்டுக்கு வெளியே எழுதிப் பார்க்கிற புத்தியும் எனக்கு அப்போதே இருந்தன. காம்பஸைப் பிடித்துக்கொள்ள, பையைச் சுமக்க, அவள் புலம்பலைக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்று அவளும் என்னைக் கூட்டிப்போவாள்.

அவள் தேடியது மைலோனைட்.

பள்ளத்தாக்கின் இரண்டு பக்கத்து மலைகளிலும் கிடப்பது பெரும்பாலும் கருத்த, எண்ணெய் பூசினாற்போல் மினுங்கும் பழைய பாறை. அதில் நடந்து போய்க்கொண்டே இருக்கலாம், ஒரு மாற்றமும் இருக்காது. பருத்த மணிகள், தாறுமாறாக, சந்தையில் கொட்டிவைத்த மாதிரி. அப்புறம் திடீரென்று சில எட்டு தூரத்துக்குள் கல்லின் குணமே மாறிவிடும். மணிகள் பொடிந்து மாவாகி, கோடு கோடாக, நாடா நாடாக ஓடத் தொடங்கும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் மறுபடி அதே பழைய பருத்த கல், ஒன்றுமே நடக்காத மாதிரி. நடுவில் அந்தக் குறுகிய பட்டை மட்டும்தான். அதற்குப் பெயர் ஷியர் ஸோன். அதற்குள் இருக்கிற அந்தக் கோடு ஓடிய கல் மைலோனைட்.

பாறை ஓடியது என்று அவள் முதலில் சொன்னபோது எரிமலைக் குழம்பு என்று நினைத்துக்கொண்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். உருகவே இல்லை என்றாள். திடமாக இருந்தபடியே ஓடியது. பூமிக்குள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஆழத்தில், மேலே அவ்வளவு மலை உட்கார்ந்திருக்க, கீழே சூடு ஏறிக் கிடக்க, குவார்ட்ஸ் என்கிற கண்ணாடிக் கல் உடையத் தெரியாமல் வளையத் தொடங்குகிறது. ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற புட்டிப் பசை மாதிரி. ஒவ்வொரு மணியின் உள்ளேயும் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன. நழுவி நழுவிச் சிக்கிக்கொண்ட பெரிய மணி, தன்னைத்தானே சின்னச் சின்னப் புது மணிகளாகப் பிரித்துக்கொள்கிறது. யாரும் அரைக்கவில்லை, தானாக மாவாகிறது. மாவான இடம் முன்னைவிட இளகிப்போவதால் அடுத்த நகர்வும் அங்கேதான் நடக்கும். அதனால்தான் பக்கத்துப் பாறை அசையாமல் நிற்க, ஒரு குறுகிய பட்டை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நகம் வளர்கிற வேகமோ அதைவிட மெதுவாகவோ. லட்சக்கணக்கான வருஷங்கள்.

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பரோட்டாக் கடையில் மாஸ்டர் மாவை வீசி இழுக்கும்போதெல்லாம் அவள் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டு நிற்பாள். "அங்கன பாரு, மாவுல ஒரு கல்லு கெடந்தா எப்டி இருக்கும்? மாவு இழுபடும், கல்லு இழுபடாது. கல்லச் சுத்தி மாவு வளைஞ்சு போகும்ல?" என்பாள். மாஸ்டர் காதில் விழுந்து, என் மாவுல எங்கம்மா கல்லு என்று கோபித்துக்கொண்டார்.

அந்தக் கல்தான் கண். குவார்ட்ஸ் வளைகிற சூட்டில் ஃபெல்ஸ்பார் என்கிற இன்னொரு கனிமம் அவ்வளவு சுலபத்தில் வளையாது. மாவாகி ஓடும் பட்டைக்குள் அது உருண்டையாகத் தங்கிவிடும். சுற்றி ஓடுகிற கோடுகள் அதைத் தழுவி மேலும் கீழுமாக வளைந்து போகும், இமைகளைப் போல. இரு முனையிலும் பொடி இழுபட்டு வால் நீளும். பார்க்க அச்சு அசல் கண். நாங்கள் மட்டும் சொல்வதில்லை, உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதைக் கண் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அந்தக் கண்ணின் வால்தான் அவளுக்கு வேண்டும். இரண்டு வாலும் ஒரே மட்டத்தில் இருக்காது. ஒன்று கண்ணின் மேல்விளிம்பிலிருந்து கிளம்பும், மற்றது எதிர்ப்பக்கம் கீழ்விளிம்பிலிருந்து. மேல்வால் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் பட்டைக்கு மேலே இருந்த பாறை நகர்ந்தது. எப்போதோ பூமிக்குள் நடந்த நகர்வுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே சாட்சி அந்த வால்.

வெளியில் கிடக்கும் பாறையில் அது சுலபமாகத் தெரியாது. வெயிலும் மழையும் தின்ற மேற்பரப்பு. ஆகவே கல்லை எடுத்துவந்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். உடைப்பதற்கு முன்பே கல்லின் மேல் மார்க்கரால் திசை எழுதிவிடுவோம், வடக்கு எங்கே, சாய்வு எவ்வளவு, மேல் எது என்று. லேபில், கோடுகள் ஓடும் திசையோடு, அதாவது கிழக்கு மேற்காக, நட்டுக்குத்தாக ஒரு முகத்தை அறுப்பாள். வடக்கே பார்த்து நிற்பவருக்கு எது தெரியுமோ அந்த முகம். வலது கை கிழக்கு, இடது கை மேற்கு. அதிலிருந்து தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு வில்லை. மேல்விளிம்பின் நடுவில் ரம்பத்தால் ஒரு சின்ன வெட்டு. அதுதான் மேல். அதை ஸ்லைடு வெட்டும் அண்ணனிடம் கொடுத்துவிடுவாள். அவர் கண்ணாடியில் ஒட்டி, ஒளி ஊடுருவும் வரைக்கும், தலைமுடியைவிட மெலிதாகத் தேய்த்துத் தருவார். வெட்டு மேலே இருக்கும்படி வைத்துப் பார்த்தால் போதும், வலது பக்கம் கிழக்கு. இதுதான் அவள் பழக்கம்.

முதல் இரண்டு வருஷம் வடக்குப் பக்கம் எடுத்த கற்களில் எல்லாக் கண்களும் ஒரே மாதிரி சொல்லின. மேல்வால் வலப்பக்கம். மேல்பாறை கிழக்கே போனது. அதன்பிறகு அவள் தெற்கே, லோயர் கேம்ப் பக்கத்துச் சரிவுகளில் கல் எடுக்க ஆரம்பித்தாள். அந்த வருஷம் ஸ்லைடு வெட்டும் அண்ணன் ஓய்வு பெற்றிருந்தார். புதிதாக வந்தவர் இன்னும் சீராகத் தேய்த்தார். துறை முழுக்க அவரைப் பாராட்டியது. அந்தத் தெற்குக் கற்களின் கண்கள் எல்லாம் மாற்றிச் சொல்லின. மேல்வால் இடப்பக்கம். மேல்பாறை மேற்கே.

இதை அவள் என்னிடம் சொன்ன மதியம் நினைவிருக்கிறது. மைக்ராஸ்கோப்பு அறையில் ஜன்னல் அடைத்து, இருட்டாக இருந்தது. பாருடி என்று நகர்ந்து இடம் கொடுத்தாள். குறுக்கு ஒளியில் குவார்ட்ஸ் நாடாக்கள் சாம்பலும் வெள்ளையுமாக வழிந்தன. நடுவில் கண். கீழே தட்டைச் சுழற்றினால் கண் மெல்ல இருண்டு, மறுபடி வெளிச்சமாகி, மறுபடி இருண்டது. சுற்றியிருந்த நாடாக்களில் நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தடவிக்கொண்டு போனது. வளைந்த கல்லுக்குள் வெளிச்சம் அப்படித்தான் அணையும், எனக்கு அது தெரியும். தெரிந்தும் கையை எடுத்துவிட்டேன். இமைக்கிற ஒன்றை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. இந்தப் பட்டை ஒரு முறை கிழக்கே ஓடியிருக்கிறது. பிறகு எப்போதோ, சூடு குறைந்தோ கூடியோ, அதே தடத்தில் திரும்பி மேற்கே வந்திருக்கிறது. போன பாறை திரும்பி வந்தது. யாரும் சொல்லாத சங்கதி. அந்த ஒரு அத்தியாயத்தின் மேல்தான் அவள் முழு ஆய்வையும் கட்டினாள். மிச்சமெல்லாம் மற்றவர்கள் ஏற்கெனவே சொன்னதுதான்.

ஆய்வுக்கு வழிகாட்டிய எங்கள் சார் முழுவதையும் படித்தார். பிறகு கேட்டது ஒரே கேள்வி. வடக்கே கிழக்காகவும் தெற்கே மேற்காகவும் போயிருந்தால் அவை இரண்டு தனித் தனிப் பட்டைகளாகவும் இருக்கலாம். ஒரே பட்டைதான் போய்த் திரும்பியது என்றால், ஒரே பாறையில் இரண்டையும் காட்டு. காட்ட முடியாவிட்டால் அத்தியாயத்தை எடுத்துவிடு. கோடை முடிந்ததும் அவளுடைய கடைசி செமினார். உதவித்தொகையும் அதோடு முடிகிறது. அதற்கு மேல் நீட்டிப்பு இல்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அத்தியாயம் போனால் ஆய்வு போனது; நாலு வருஷம் போனது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கோடை முழுக்க அலைந்தோம். வாடகை ஜீப், தண்ணீர்க் கேன், சம்மட்டி. மேகமலை அடிவாரத்துப் புதர்களில் முள் கிழித்தது. ரோட்டோரக் கல்குவாரிகளில் விசாரித்து, திட்டு வாங்கி, கெஞ்சி உள்ளே போனோம். ஒரே பாறையில் இரண்டு திசை எங்கேயும் கிடைக்கவில்லை. அவள் இளைத்துப்போனாள். பஸ்ஸில் தூங்கும்போதுகூட விரல்கள் மடியில் வலமும் இடமுமாகக் கோடு போடும்.

அப்போதுதான் அவளுடைய அத்தா கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் இறங்கிப்போய், மோட்டாரைக் கழற்றி, கம்ப்ரஸரும் வின்ச்சும் கொண்டுவந்து வெடி வைத்து வெட்டினார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வேலையாட்கள் வடக்குச் சுவருக்குச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களாம். கேட்டால், சுவரில் கண் முழித்திருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு வெடிக்குக் குழி போட முடியாது என்கிறார்களாம்.

அவள் சாப்பாட்டுக் கையோடு எழுந்தாள்.

"ஏத்தா, சாப்ட்டுப் போ. கண்ணு எங்கயும் ஓடிறாது" என்றார் அவர். மகளையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

கிணறு சதுரம். பெரிய கிணறு. மேலே கொஞ்ச தூரம் செம்மண், அப்புறம் உதிர்கிற சொறிக்கல், அதற்கும் கீழே சுத்தமான பாறை. நாலு பக்கமும் வெடியில் பிளந்து, சுவர் நட்டுக்குத்தாக இறங்கியது. ஆட்கள் சாப்பாட்டுக்கு மேலே ஏறி, புளியமர நிழலில் கிடந்தார்கள். இறங்குவதற்கு ஒரு பக்கம் இரும்பு ஏணியும், அது முடிகிற இடத்தில் சுவரில் விட்டிருந்த கல்படிகளும். அத்தா மேலேயே நின்றுகொண்டார். அவர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். பாறைக்கு என்ன கண்ணு, அதெல்லாம் சும்மா என்று சொல்லிக்கொண்டே முதுகைத் திருப்பிக்கொண்டு வின்ச் கயிற்றைச் சரிபார்த்தார்.

கீழே வெடிமருந்து வாசம். குளிர்ச்சி. உச்சி வெயில் அடித்தளத்தில் ஒரு கட்டமாக விழுந்திருந்தது. சுவர்கள் நிழலில் நின்றன. பேசினால் குரல் நாலு பக்கமும் மோதி, கொஞ்சம் தாமதமாக, வேறு யாரோ பேசுவதுபோலத் திரும்பி வந்தது. அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டோம்.

அவள் சாக்கை இழுத்தாள்.

இதுவரை லென்ஸ் வைத்துத் தேடிய கண்களெல்லாம் மிளகு அளவு. இங்கே நெல்லிக்காய் அளவு, சில இடங்களில் எலுமிச்சை அளவு. இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பார். சுற்றிலும் கருப்பும் வெள்ளையுமாக நாடாக்கள் வளைந்து இமை போட்டிருந்தன. பட்டை முழுக்க, இடமிருந்து வலம் வரை, கூட்டமாக. வெடி அன்றைக்குத்தான் அந்த முகத்தைத் திறந்திருந்தது. அதற்குமுன் எந்த வெளிச்சமும் அதைத் தொட்டதில்லை. ஆழத்தில், இருட்டில், இளகிய கல்லுக்குள் செய்யப்பட்ட கண்கள் அவை. திறந்ததும் முதலில் பார்த்தது குழி போட வந்த ஆட்களை, அடுத்தது எங்களை. சாக்கைக் கட்டியவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது.

அவளோ தொழில்காரி. மேல்வால் வலப்பக்கம் என்றாள். நோட்டில் படம் போட்டாள். வலம், வலம், வலம். பிறகு திரும்பினாள். தெற்குச் சுவரில் சாக்கு இல்லை, கண்கள் கொஞ்சம் சின்னவை, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவள் நேரே அதன் முன் போய் நின்றாள்.

மேல்வால் இடப்பக்கம்.

எல்லாக் கண்ணும் இடப்பக்கம்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் ஐஸ். "கெடைச்சிருச்சுடி. ஒரே பாறை, ரெண்டும் இருக்கு. அங்கன கெழக்க போயிருக்கு, இங்கன திரும்பி வந்திருக்கு" என்றாள். சுவர்கள் அதைத் தாமதமாகத் திருப்பிச் சொல்லின. திரும்பி வந்திருக்கு. வந்திருக்கு.

நான் கிணற்றின் நடுவில் நின்றேன். ஒரு பக்கம் பார்த்தால் அந்தக் கூட்டம் முழுக்க வலமாகச் சாய்ந்தது. மறுபக்கம் பார்த்தால் இடமாகச் சாய்ந்தது. திரும்பத் திரும்ப, நான் எதைப் பார்த்து நின்றாலும், அவை எல்லாம் சேர்ந்து ஏதோ ஒரு பக்கத்தை நோக்கிப் போவதாகவே இருந்தது. நான் நிற்கும் இடத்தைக் கடந்து. சுவரிலிருந்து சுவருக்கு. தலை சுற்றியது. பக்கவாட்டில் கிழக்குச் சுவரைப் பார்த்தேன். அங்கேயும் கண்கள், ஆனால் வாலே இல்லை. இமை இரண்டு பக்கமும் சமமாக மூடிய, வட்டமான, எந்தப் பக்கமும் சாயாத கண்கள். அவை எங்கேயும் போகவில்லை. நேராக என்னைப் பார்த்தன. மேற்குச் சுவரும் அப்படித்தான்.

"இதுல ஏன் வால் இல்ல?" என்றேன். பேச்சுக் கொடுக்கத்தான் கேட்டேன், தனியாக நிற்கிற மாதிரி இருந்தது.

ஓட்டம் நடந்தது கிழக்கு மேற்காக என்றாள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். கிழக்குச் சுவரில் அந்த ஓட்டம் நம்மை நோக்கி வருகிறது, அல்லது நம்மை விட்டுப் போகிறது. நேரே வருகிற மாட்டு வண்டியைப் பார்க்கிற மாதிரி. பக்கவாட்டில் பார்த்தால்தானே எந்தப் பக்கம் போகிறது என்று...

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை.

பென்சிலைக் கீழே வைத்தாள். வடக்குச் சுவரில் இமைகளுக்கு மேலே ஓடிய, விரல் தடிமனான ஒரு வெள்ளைக் குவார்ட்ஸ் நாடாவைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்காமலேயே நடந்தாள். வடகிழக்கு மூலையில் நாடா திரும்பியது, கையும் திரும்பியது. கிழக்குச் சுவர் முழுக்க வந்தாள், வாலில்லாத கண்களின் மேலாக. தென்கிழக்கு மூலை. தெற்குச் சுவர். அதே நாடா. அதே கண் வரிசைக்கு மேலே, அதே இடைவெளியில். கிணறு என்பது ஒரே பாறையில் நாம் குடைந்த ஓட்டை. சுவர் நாலாகத் தெரிந்தாலும் பாறை ஒன்று, நாடா ஒன்று.

தெற்குச் சுவரில் கையை வைத்தபடியே காம்பஸைக் கேட்டாள். கொடுத்தேன். பார்த்தாள். திரும்பி வடக்கே நின்று மறுபடி பார்த்தாள். தெற்கே. வடக்கே. வெயில் கட்டத்துக்குள் அவள் அப்படி மாறி மாறித் திரும்பியது, யாரோ அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒளிந்துகொள்வது போலிருந்தது.

"வடக்க பாத்தா வலது கை கெழக்கு" என்றாள். "தெக்க பாத்தா இடது கை கெழக்கு. ரெண்டும் கெழக்குதான்டி."

தேர் கிழக்கே போகும்போது தெருவின் இரண்டு பக்கமும் நிற்பவர்கள் பார்ப்பதுதான். ஒரு பக்கத்தாருக்கு அது வலமாகப் போகும், எதிர்ப்பக்கத்தாருக்கு இடமாக. தேர் ஒன்றுதான், திசையும் ஒன்றுதான். முதல் வருஷ மாணவிக்கே தெரிகிற விஷயம். கோடை முழுக்கத் தேடிய ஒன்றைக் கண்டவளின் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் தெரியாமல் போயிற்று.

அவள் உடனே அழவில்லை. கீழே கிடந்த வெடிச் சல்லிமேல் உட்கார்ந்து, ரொம்ப நிதானமாக யோசித்தாள். யோசித்தது கிணற்றைப் பற்றி இல்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"கெணறு பொய் சொல்லல. அப்ப என் தெக்குப் பக்கத்து ஸ்லைடு எதுக்கு மாத்திச் சொல்லுது?"

காம்பஸை என்னிடம் நீட்டினாள்.

"நான் எல்லாத்தையும் வடக்க பாத்துத்தான் அறுத்தேன். பாதி ஸ்லைடு மட்டும் தெக்க பாக்குதா?"

மேலே அத்தா கூப்பிட்டார். ஆட்கள் வந்துவிட்டார்கள், மதியத்துக்குக் குழி போட்டு வடக்குச் சுவரை அகலப்படுத்தப் போகிறார்கள், ஏறி வா என்றார். அவள் அண்ணாந்து, வடக்குச் சுவத்தத் தொடாதீக அத்தா, கீழ மட்டும் வெட்டச் சொல்லுங்க என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். அது என் சாட்சி என்றாள். மேலே அவர் ஆட்களிடம் ஏதோ கேட்டார். பிறகு, சரித்தா, ஆளுகளுக்கும் அதுதான் வேணும், எவனும் அந்தப் பக்கம் போக மாட்டேங்கிறான் என்ற குரல் இறங்கி வந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் லேபுக்குப் போனோம். ஸ்லைடு வெட்டிய பிறகு மிஞ்சும் துண்டுக் கல்லை யாரும் தூக்கி எறிவதில்லை. மர டிராயரில், கல்லின் எண் ஒட்டி, மார்க்கரில் எழுதிய திசையோடு, அடுக்கிக் கிடக்கும். தெற்குக் கல் ஒன்றின் துண்டை எடுத்தாள். அவள் அறுத்த முகம், அதில் ஒரு கண். அதே கண்ணின் அடுத்த சீவல் ஸ்லைடில் இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் துண்டில் வலப்பக்கம் இருந்த மேல்வால், ஸ்லைடில் இடப்பக்கம் இருந்தது. கண்ணாடி முன் நின்ற முகம் மாதிரி.

புதியவரைக் கேட்டோம். அவர் சந்தோஷமாக விளக்கினார். நல்ல வழவழப்பான முகம் எதுவோ அதைத்தான் கண்ணாடியில் ஒட்டுவேன், அப்போதுதான் காற்றுக் குமிழ் இல்லாமல் பிடிக்கும் என்றார். அவள் அறுத்துத் தேய்த்துக் கொடுத்த முகம்தான் வழவழப்பானது. அதை ஒட்டி, பின்பக்கத்தைத் தேய்த்துவிடுவார். பழைய அண்ணனோ கொடுத்த முகம் எப்போதும் பார்க்கிறவர் பக்கம் இருக்கும்படி, பின்பக்கத்தைத் தானே வழவழப்பாக்கி அதை ஒட்டுவார். இரண்டு பேருமே தவறு செய்யவில்லை. எல்லா லேபிலும் இரண்டு வழக்கமும் உண்டு. மேல்விளிம்பின் நடுவில் ஒரே ஒரு வெட்டு என்பது மேலைச் சொல்லும். வலம் எது, இடம் எது என்று சொல்லாது. வில்லை புரண்டாலும் மேல் மேலேயேதான் இருக்கும். அண்ணன் கை ஒரு நாளும் மாறாததால் இரண்டாவது வெட்டு வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

துண்டையும் ஸ்லைடையும் ஜன்னல் வெளிச்சத்தில் நான் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிப் பார்த்தேன். அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. ஒரு வருஷமாக நாங்கள் அந்தக் கண்களைப் பின்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். பாறைக்குள் நின்றுகொண்டு, அவற்றின் தலைக்குள்ளிருந்து, வெளியே. இருட்டறையில் தட்டு சுழலச் சுழல இமைத்தது யாரை நோக்கி? அதை அவளிடமும் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, இதையெல்லாம் எங்கயாவது எழுதிக்கோ, என் தீசிஸுல வச்சிராத என்றாள். அந்த வாரத்தில் அவள் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

துண்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தாள். ஒன்றுவிடாமல் கிழக்கு. வடக்கிலும் தெற்கிலும் ஒரே பட்டை, ஒரே திசை. போன பாறை திரும்பி வரவே இல்லை.

செமினார் அன்று அவள் இரண்டு படம் காட்டினாள். முதலாவது கிணற்றின் நாலு சுவர், வால்களோடும் வாலில்லாமலும். இரண்டாவது ஒரு துண்டுக் கல்லும் அதன் ஸ்லைடும் பக்கம் பக்கமாக. போன வருஷம் இந்த இடத்தில் நின்று பாறை திரும்பி வந்தது என்று சொன்னேன், அது வில்லை புரண்டதால் வந்தது என்று மறைக்காமல் சொன்னாள். கூடத்தில் யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. புதுக் கதை போய்விட்டதே, இனி உன் ஆய்வில் என்ன மிச்சம் என்று கேட்டார். 

இரண்டு பட்டையாக இருக்கலாம் என்று நீங்கள் கேட்டீர்கள், ஒன்றுதான் என்று இப்போது காட்டியிருக்கிறேன், இத்தனை தூரத்துக்கு ஒரே பட்டை ஒரே திசையில் ஓடியதை இதுவரை யாரும் பின்தொடர்ந்ததில்லை, அது போதும் என்றாள். அவர் யோசித்தார். ஒரு அத்தியாயம் குறையட்டும், மிச்சத்தை எழுதி முடி என்றார்.

முடித்தாள். மெலிந்த தீசிஸ், அவள் ஆசைப்பட்டதில் பாதி. அதன்பிறகு அவள் வெட்டிய ஒவ்வொரு வில்லையிலும் மேலே ஒரு வெட்டு, வலது மூலையில் ஒரு வெட்டு.

எனக்கு அந்தத் திரும்பி வராத பாறைதான் மனதில் தங்கிப்போயிற்று. ஆற்று மணலை விட்டுவிட்டு எழுத வந்தபோது அதைத்தான் முதலில் எழுத நினைத்தேன். ஒவ்வொரு முறை எழுதும்போதும் கிணற்றின் நடுவில் நிற்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கூட்டம் என்னைக் கடந்து கிழக்கே போகிறது. நான் மட்டும் நிற்கிறேன். அதற்குமேல் வாக்கியம் நகர்வதில்லை.

கிணறு ஆழத்தில் மட்டும் வெட்டப்பட்டது. மழை வந்தது, தண்ணீர் ஏறியது, சுவர் மூழ்கியது. அவள் இப்போது வெகுதூரத்தில் வேலையில் இருக்கிறாள். அத்தாவுக்கு வயதாகிவிட்டது, கிணற்றோரம் போவது குறைந்துவிட்டது. ஆனாலும் கோடையில் தண்ணீர் இறங்கும்போது யாரையாவது எட்டிப் பார்க்கச் சொல்வார். பார்த்துவந்து சொன்னதும் மகளுக்குப் போன் போடுவார். போன கோடையில் நான் அவளோடு இருந்தபோது அந்தப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம், அதற்கு மேல் அவர் குரல்.

"ஏத்தா, கண்ணு தெரிய ஆரம்பிச்சிருச்சாம்."

"எந்தப் பக்கம் அத்தா பாக்குது?" என்று கேட்டாள் அவள். ஒவ்வொரு வருஷமும் கேட்பாளாம்.

அந்தப் பக்கம் அவர் யாரையோ விசாரிப்பது கேட்டது. 

"கெழக்கதான்த்தா" என்றார்.